எந்நாளும் மார்கழி

பிறீசர் வந்துவிட்டது. ஜெனறேற்றர் வந்துவிட்டது. ஆறு மேசையும் இருபத்து நாலு பிளாஸ்ரிக் கதிரையும் வந்து இறங்கிவிட்டன. பெயர் மட்டும் வரவில்லை.

புதுக்குடியிருப்புச் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், அரை நிமிட நடைத் தூரத்தில், நான் ஐஸ்கிறீம் கடை திறக்கப் புறப்பட்ட கதை இது. சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தின் மூன்றாவது வருடம். அதற்கு முன் பதினைந்து வருடம் சைக்கிள் திருத்தினேன். ஒட்டுப்போட்ட ரியூப்பைப் பேசின் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிற தொழில். குளிர்ச்சியைப் பற்றி எனக்கிருந்த முழு அறிவும் அந்தப் பேசினுக்குள்தான் இருந்தது. சண்டையில் மூடியிருந்த பாதை திறந்து, யாழ்ப்பாணம் போன ஒரு நாளில் கூல்பார் ஒன்றுக்குள் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இருந்து கரண்டியால் வழித்துத் தின்பதைப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளும் இப்படி இருந்து தின்னட்டும் என்று நினைத்தேன் என்று இப்போது சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில், இவ்வளவு சிரிக்கிற வாடிக்கையாளர்களை சைக்கிள் கடையில் நான் ஒருநாளும் கண்டதில்லை என்பதுதான் நினைவில் வந்தது.

எனக்குப் பயம் வந்தால் வாய் வேலை செய்யத் தொடங்கிவிடும். கடை திறக்க நாள் வைத்துவிட்டு, பெயர் இல்லாமல் இருந்த அந்த இரண்டு கிழமையும் நான் சொன்ன பகிடிகளை எண்ணினால், நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று கணக்குப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடைப் பெயர்கள் நல்ல தமிழில் இருக்க வேண்டும். ஆகவே கூல் என்று தொடங்குகிற எதுவும் சரிவராது. ஐஸ்கிறீமுக்குக் குளிர்களி என்று பலகையில் எழுதுவோம். வாயால் ஐஸ்கிறீம் என்போம். குளிர்களி என்பது என்ன விற்கிறோம் என்பதைச் சொல்லிவிடும். அதற்கு முன்னால் வருகிற சொல்தான் ஆட்களை உள்ளே கூப்பிட வேண்டும்.

பெயர்ப்பலகை எழுத வந்தவன் இருபத்தைந்து வயதுப் பொடியன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவன் வெறும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான்.

"பேரு சின்னதா இருக்கணும்ணே. மூணு எழுத்து, நாலு எழுத்து. அப்பதான் பெருசா எழுதலாம். பஸ்ல போறவங்க கண்ணுல விழணும். நீலத்துல வெள்ளை. ஒவ்வொரு எழுத்து தலையிலயும் பனி உறைஞ்ச மாதிரி ஒரு வழிசல் விடுறேன். பாக்கிறப்பவே பல்லு கூசும்."

என் மனைவி முன்பள்ளி ஆசிரியை. நாலு வயதுப் பிள்ளைகளோடு கிடந்து பழகியவள். அவளுடைய விதி வேறு.

"பிள்ளை ரோட்டிலை கையைப் பிடிச்சு இழுத்துக் கேக்கக் கூடிய பேராய் இருக்கவேணும். பிள்ளையின்ரை வாயிலை வராத பேர் கடைக்கு உதவாது. ஆனா பிள்ளை கேட்டால் மட்டும் காணாது. தாய்க்குப் பயம் வரக்கூடாது. காசும் ஓமெண்ட சொல்லும் தாயிட்டைத்தான் இருக்கு."

நான் முதலில் சொன்ன பெயர் இமயம்.

"சீமெந்து விக்கப் போறியளோ?" என்றாள்.

துருவக்கரடி என்றேன். பலகைக்காரன் சிரித்துவிட்டான். போன மாதம்தான் தேன் எடுக்கக் காட்டுக்குப் போன ஒருவர், கரடி கீறிய முகத்தில் தையலோடு சந்தியில் திரிந்தார். எங்கள் பிள்ளைகளுக்குக் கரடி வெள்ளையும் இல்லை, துருவத்தில் இருப்பதும் இல்லை.

பனித்துளி என்றேன்.

"பனியெண்டால் தாய்மார் பிள்ளையின்ரை தலையிலை துவாயைச் சுத்திக்கொண்டு ஓடுவினம். தடிமன் காய்ச்சலுக்குப் பேர் வைக்கிறியள்."

ஆவணி மாதம். கச்சான் காற்று வீதிப் புழுதியை அள்ளிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கிணறுகளில் வாளி தரையைத் தட்டுகிற நாள்கள். பலகைக்காரன் சட்டையைக் கழற்றி விசிறினான். மனைவி ஒரு கதிரையில் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்: "எப்பதான் இந்த மார்கழி வருமோ."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

மார்கழி என்றால் எங்களுக்கு மழை ஓய்ந்த குளிர். குளங்கள் நிரம்பி வழிய, குடும்பத்தோடு போய் அணைக்கட்டில் நின்று பார்க்கிற மாதம். விடிய முன் கோயிலில் திருவெம்பாவை, கடற்கரைத் தேவாலயங்களில் நத்தார், எல்லாருக்கும் பள்ளிக்கூட விடுமுறை. எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சொல்லில் பயம் இல்லை. எந்தத் தாய்க்கும் இல்லை. நாலே எழுத்து.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பெயருக்குக் கீழே ஒரு வரியும் எழுதச் சொன்னேன். 'இங்கே எந்நாளும் மார்கழி.' மனைவிக்குப் பிடித்தது. பலகைக்காரனுக்கும் பிடித்தது. எனக்கோ, நானே எனக்கு மாலை போட்டுக்கொள்ளாத குறை.

கடை ஓடியது. பால்மாவும் சோளமாவும் காய்ச்சி நாங்களே அடித்த ஐஸ்கிறீம், மேலே சிவப்பு ஜெலி, ஒரு வேபர் பிஸ்கட். விளாம்பழம், கொடித்தோடை, தேசிக்காய்ச் சாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் முல்லைத்தீவுக் கரையிலிருந்தும் நாயாற்றுப் பக்கமிருந்தும் மோட்டார்சைக்கிளில் நாலு பேர், ஐந்து பேர் என்று அடைந்துகொண்டு வருவார்கள். ஐஸ்கிறீமை முதல் தரம் வாயில் வைத்த ஒரு பொடியன் 'சுடுது' என்று அழுதான். 'அம்மா, மார்கழிக்குப் போவம்' என்று பிள்ளைகள் வீதியில் இழுப்பதை நான் கல்லாவில் இருந்து கேட்பேன். அப்படியொரு நிம்மதி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பிறகும் வரவில்லை.

நான் ஒரு விளையாட்டும் வைத்திருந்தேன். எழுதப் பழகுகிற வயதுப் பிள்ளை யார் வந்தாலும் வாசலில் மறிப்பேன். "மேலை என்ன எழுதியிருக்கு? வாசிச்சால் ரெண்டு வேபர். வாசிக்காட்டில் ஒண்டு." பிள்ளைகள் அண்ணாந்து நின்று எழுத்துக்கூட்டுவார்கள். பாதிப் பேர் 'மா' வோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்கும் இரண்டு கொடுத்துவிடுவேன். எத்தனை பிள்ளைகள் அப்படி வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முகத்தையும் நினைவில் வைத்திருக்க எனக்கு அப்போது ஒரு காரணமும் இருக்கவில்லை.

ஒரு குடும்பத்தை மட்டும் நல்லாய்த் தெரியும். தகப்பன் ஆழ்கடலுக்குப் போகிறவர். தாய் அதிகம் பேசமாட்டார். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு நாலு. மாதத்தில் இரண்டு ஞாயிறு தவறாமல் வருவார்கள்; ஓரத்து மேசையில்தான் இருப்பார்கள். மூத்தவள் தன் கோப்பையை முடித்துவிட்டு இளையவளின் கோப்பைக்குக் காவல் இருப்பாள்.

பிறகு அந்த மார்கழி வந்தது. நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு.

காலை பத்து மணிக்கு மேல் முல்லைத்தீவுப் பக்கமிருந்து உழவு இயந்திரங்கள் வரத் தொடங்கின. முதலில் வந்ததன் இழுவைப் பெட்டியில் இருந்தவர்கள் ஈரமாக இருந்தார்கள். மழை இல்லையே என்று யோசித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். மத்தியானத்துக்குள் என் பிறீசரிலிருந்த ஐஸ் முழுவதையும் ஆஸ்பத்திரிக்குக் கேட்டு வந்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு சாக்கில் அள்ளிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, எங்கள் வாசலில் எனக்குத் தெரியாத ஒரு தாய் சுவரோடு சாய்ந்து இருந்தார். அவருக்கு நேர் மேலே, நீலத்தில் வெள்ளையாக: இங்கே எந்நாளும் மார்கழி.

அடுத்த நாள் விடிந்ததும் நான் செய்த முதல் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏணி வைத்து ஏறி, குசினிக் கத்தியால் அந்த வரியைச் சுரண்டினேன். கத்தி முனை முறிந்தது. பிறகு ரியூப் ஒட்ட முன் உரசுகிற அரத்தை எடுத்து வந்தேன். வரி போய்விட்டது. பெயர் பெரிதாக, பனி வழிய, அப்படியே நின்றது. அதை மறைக்க ஒரு சாக்கைக் கட்டினேன். பின்னேரம் மூன்று பேர் வந்து, "உங்கடை வீட்டிலை ஆர் அண்ணை?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். சாக்கை அவிழ்த்தேன்.

கடையைப் பூட்டினேன். மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமுக்கு, அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளோடு இருக்கப் போய்விட்டாள். பின்னேரம் வந்து சொன்னாள், ஓரத்து மேசைக் குடும்பத்தில் மூத்தவள் இல்லை என்று. கடல் ஊருக்குள் ஏறிய அன்று தகப்பன் கடலுக்குள் தூரத்தில் நின்றவர்; அங்கே அலை ஒன்றும் தெரியவில்லையாம். கரைக்கு வந்துதான் கண்டிருக்கிறார். தாய் ஒரு கையால் இளையவளையும் மறு கையால் தென்னையையும் பிடித்திருக்கிறார். மூன்றாவது கை இருக்கவில்லை.

மாசி மாதத்தில் கடையைத் திரும்பத் திறந்தேன். ஒரு மத்தியானம் ஓரத்து மேசைத் தாய் இளையவளைக் கையில் பிடித்துக்கொண்டு வீதிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பலகையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சின்னவள் கடையைக் காட்டி இழுத்தாள். தாய் தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

நான் அப்போது எங்கே நின்றேன்? பிறீசருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அவரைக் கண்ட உடனே குந்திவிட்டேன். மனைவி வந்து, "என்ன விழுந்தது?" என்று கேட்டாள். "கரண்டி" என்றேன்.

அன்றிரவு ஒன்றை முடிவு செய்தேன். அந்தப் பிள்ளை இந்தக் கடைக்குள் திரும்ப வந்து இருக்க வேண்டும். அதற்கு அந்தப் பெயர் போக வேண்டும். எனக்கு வேறு எதுவும் விளங்கவில்லை.

மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அவாவைக் கேட்டனீங்களோ?"

"இதையெல்லாம் போய்க் கேக்கிறதே? எந்த முகத்தோடை கேக்கிறது?"

"இருக்கிற முகத்தோடைதான்."

நான் கேட்கவில்லை. கொப்பி ஒன்றை எடுத்துக் குளிர்ச்சியான சொற்களை எழுதத் தொடங்கினேன். சாரல். ஊற்று. அருவி. பூந்தூறல். நீரோடை. எழுதி முடித்து மனைவியிடம் நீட்டினேன். அவள் பேனையை வாங்கி ஒவ்வொன்றாக வெட்டினாள். எல்லாம் தண்ணீர். தமிழில் எதையாவது குளிரப் பண்ண வேண்டுமென்றால் அதை நனைத்துத்தான் ஆக வேண்டும் போல இருந்தது. நிலா என்று கடைசியில் எழுதியிருந்தேன். அதையும் வெட்டினாள். "கடல் வந்த அண்டைக்குப் பறுவம், முழுநிலா."

முடிவில் அவள்தான் சொன்னாள். முகாமில், கூடாரங்களுக்குள் வெக்கை தாங்காமல் சனங்கள் வளவிலிருந்த மாமரங்களுக்குக் கீழே வந்து இருப்பார்களாம். நிழல் நகர நகர எல்லாரும் பாயை இழுத்துக்கொண்டு நகர்வார்களாம். பிள்ளைகள் அங்கேதான் திரும்ப விளையாடத் தொடங்கினார்களாம். தண்ணீர் இல்லாத குளிர்ச்சி.

சோலை என்று வைத்தோம். இரண்டு எழுத்து. பிள்ளையின் வாயில் வரும். தாய்க்குப் பயம் வராது. பலகைக்காரன் வந்து பழைய பெயரின்மேல் நீலத்தைப் பூசி, பச்சை இலை வைத்துப் புதிய பெயரை எழுதினான். "பனி வழிசல் வேணாமாண்ணே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பெயர் மாறிய நாளிலிருந்து ஆட்கள் மெல்ல வரத் தொடங்கினார்கள். நான் செய்தது சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். வாசலில் வாசிக்கிற விளையாட்டை மட்டும் நிறுத்திவிட்டேன்.

சித்திரை கடைசியில் ஒரு பின்னேரம் அந்தத் தாய் வந்தார். இந்த முறை வீதியைக் கடந்து, வாசலில் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சின்னவள் நேரே ஓரத்து மேசைக்கு ஓடினாள். பிறீசருக்குப் பின்னால் குந்த எனக்கு நேரம் இருக்கவில்லை. வாய் வேலை செய்யத் தொடங்கியது.

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ, கொடித்தோடை இருக்கு, விளாம்பழம் இண்டைக்குப் புளி, என்னைப் போலை, பிள்ளைக்கு ஜெலி போட்டு..."

"அண்ணை, முந்தின பலகை எங்கை?"

"அது மாத்தியாச்சுத் தங்கச்சி. உங்களுக்கெல்லாம் மனக்கஷ்டமாய் இருக்குமெண்டு."

"ஆர் சொன்னது?"

வாய் நின்றுவிட்டது. குசினிக்குள்ளிருந்து மனைவி வந்து நின்றதை உணர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அது பெரிய தயவு.

தாய் மெல்லமாகத்தான் சொன்னார். "பெரியவள் முதன்முதல் எழுத்துக்கூட்டி வாசிச்சது அதைத்தான். இந்த வாசலிலை நிண்டு. நீங்கள் ரெண்டு வேபர் குடுத்தனீங்கள். ஒண்டைத் தங்கச்சிக்குக் குடுத்தவள். ஞாபகம் இல்லையோ?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிறது என்று தலையாட்டினேன்.

"அவளின்ரை கொப்பி இல்லை. சட்டை இல்லை. ஒரு படம் இல்லை. வீடிருந்த இடத்திலை வீடில்லை. அவள் வாசிச்சதெண்டாலும் ஒண்டு இஞ்சை நிக்குது எண்டு நினைச்சனான். மாசியிலை ரோட்டுக்கு அங்காலை வந்து நிண்டதும் அதைப் பாக்கத்தான். பாத்தாப் பிறகு உள்ளுக்கை வரக் கால் வரேல்லை. இண்டைக்கு இவளுக்குக் காட்டுவமெண்டு வந்தன்."

நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். பின் சில்லுக்குக் காற்று இல்லை. பதினைந்து வருடம் சைக்கிள் திருத்தினவன், ஊரே பார்க்க, காற்றுப் போன சில்லில் டக் டக்கென்று பலகைக்காரன் வீட்டுக்கு ஓடினேன். அவன் குளித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, பழைய பேரைத் திருப்பி எடுக்கேலுமோ?"

"எந்தப் பேரண்ணே?"

"மார்கழி."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் காரணம் கேட்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தான். "அழிக்கலைண்ணே, மேலதான் பூசினேன். சுரண்டுனா ரெண்டும் போயிரும். ஆனா எனாமல் தடிப்பா வச்சது. பனி வழிசலுக்கு மூணு வாட்டி அடிச்சேன். எந்திரிச்சு நிக்கும். வெயில் சாயட்டும், காட்டுறேன்."

இருவரும் பலகையைக் கழற்றி, கடையின் பக்கச் சுவரில், மேற்கு வெயில் சரிவாக விழுகிற மாதிரிச் சாய்த்து வைத்தோம். அந்தப் பலகை இப்போது இல்லை. இரண்டாயிரத்து ஒன்பது தொடங்க, சண்டை நெருங்கி ஊர் முழுவதும் எழும்பிப் போனபோது கடையோடு அதையும் விட்டுவிட்டுத்தான் போனோம். ஆனால் அன்றைய வெயிலில் அது நின்ற விதம் எனக்கு நல்லாய் நினைவிருக்கிறது. முதலில் சோலை மட்டும்தான் தெரிந்தது. வெயில் இன்னும் கொஞ்சம் சரிய, நீலத்துக்குள் மேடுகள் எழும்பின. ஒவ்வொரு மேட்டுக்குப் பக்கத்திலும் மெல்லிய நிழல் விழுந்தது. சோலைக்கு இந்தப் பக்கத்தில் 'மா'வின் வளைவு. அந்தப் பக்கத்தில் 'ழி'. நடுவில் இரண்டு எழுத்துகள் புதிய எழுத்துகளுக்கு அடியில் கிடந்தன. கீழே, நான் அரத்தால் உரசிய இடம் தட்டையாக இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் நான் பதறிச் செய்ததில் பிழையாகாமல் போனது அது ஒன்றுதான்.

தாய் சின்னவளைத் தூக்கிவந்து பலகைக்கு முன்னால் இருத்தினார். அவளுடைய சுட்டுவிரலைத் தன் கையால் பிடித்து மேட்டின்மேல் வைத்தார்.

"இது மா."

"மா."

விரல் மெல்ல நகர்ந்தது. புதிய எழுத்துக்குள் போய், பழையதைத் தேடி, கண்டுபிடித்து, திரும்ப நகர்ந்தது. கடைசி எழுத்தின் சுழிவில் இரண்டு தரம் சுற்றியது.

"இதை ஆர் வாசிச்சது?" என்று தாய் கேட்டார்.

"அக்கா" என்றாள் சின்னவள்.

என் மனைவி உள்ளே போய் வேபர் எடுத்து வந்து என் கையில் தந்தாள். இரண்டு. நான் குந்தி இருந்து சின்னவளிடம் நீட்டினேன். எந்தப் பகிடியும் வரவில்லை. அவள் இரண்டையும் வாங்கினாள். ஒன்றை உடனே தின்றாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தனக்குப் பக்கத்தில் பார்த்தாள். வெயில் போய் எழுத்துகள் நீலத்துக்குள் திரும்ப இறங்கும்வரைக்கும் அதை அவள் தின்னவில்லை.